சாப்பாட்டுச் செயலிக்குத் தனியுரிமை அறிவிப்பு: மூன்று விதமாக எழுதிப் பார்த்ததில் எது நின்றது

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அக்கா வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு அனுப்புகிறார். பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து. நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து அவருக்கு ஒரு சின்னச் செயலி செய்து கொடுத்தோம், ஆண்ட்ராய்டுக்கு மட்டும். இப்போது நானூறு பேருக்குக் கொஞ்சம் மேலே பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்கள், அல்லது அவர்களுக்காக ஆர்டர் போடும் பிள்ளைகள்.

செயலியை வெளியிட்ட அன்று தனியுரிமை அறிவிப்பு வேண்டும் என்றார்கள், இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டோம். ஆறு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அக்காவுக்குப் போன் செய்தார். "நான் எங்கே போகிறேன் வருகிறேன் என்று உங்கள் செயலி எதற்கம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறது?" என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, அப்படியெல்லாம் பார்க்கிறதா?"

பார்க்கவில்லை. வீட்டு முகவரியை வரைபடத்தில் குறிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தும்போது ஒரே ஒரு தடவை இருப்பிடம் எடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் அறிவிப்பில் "பயனரின் இருப்பிடம் உள்ளிட்ட தகவல்கள் சேவையை மேம்படுத்தும் பொருட்டுத் தொடர்ந்து சேகரிக்கப்படலாம்" என்று இருந்தது. அந்த டீச்சர் ஒருவர்தான் அதை முழுதாகப் படித்தவர், படித்தவருக்கு நாங்கள் சொன்னது உண்மையே இல்லை. அது எனக்கு ரொம்ப உறுத்தியது. படிக்காதவர்கள் எதுவும் தெரியாமல் இருக்கிறார்கள், படித்த ஒருவர் தப்பாகத் தெரிந்துகொண்டு பயந்துபோய்ச் செயலியையே எடுத்துவிட்டார்.

அதனால் திரும்ப எழுத உட்கார்ந்தோம். முன்னால் மூன்று வழி இருந்தது. பழைய மாதிரியையே திருத்தி, தப்பானதை எடுத்துவிட்டு, நல்ல தமிழில் பெயர்ப்பது ஒன்று. எல்லாவற்றையும் கேள்வி பதிலாக ஒரே பக்கத்தில் எழுதுவது இரண்டாவது. மூன்றாவது, எந்த இடத்தில் தகவல் கேட்கிறோமோ அந்த இடத்திலேயே இரண்டு வரி சொல்லிவிட்டு, முழு விவரத்தை ஒரு பக்கத்தில் தனியாக வைப்பது. மூன்றையும் உண்மையிலேயே எழுதி, ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் சின்னச் செயலி வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், டியூஷன் வகுப்புக்கு, கோயில் அர்ச்சனைப் பதிவுக்கு, பள்ளி வேனுக்கு என்று.

எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது

எந்த வடிவமாக இருந்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. செயலி உண்மையில் என்னென்ன எடுக்கிறது என்று பார்க்க வேண்டும், நம் ஞாபகத்தை நம்பக்கூடாது. நாங்கள் எழுதிய நிரலில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அதில் நாங்கள் சேர்த்த லைப்ரரிகள், அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள், தங்கள் பங்குக்கு அனுமதிகளைக் கொண்டுவருகின்றன, செயலியைக் கட்டும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். செயலியை நிறுவிய பிறகு, கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, `adb` என்ற ஆண்ட்ராய்டுக் கருவி வழியாக அதையே கேட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி:

```
adb shell dumpsys package com.example.app | grep permission
```

`com.example.app` இருக்கும் இடத்தில் உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயர் வரும். எங்கள் பட்டியலில் இருப்பிடம், இணையம், நோட்டிஃபிகேஷன் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தன. எதிர்பாராதது ஒன்றும் இருந்தது: `AD_ID`. விளம்பரக்காரர்கள் ஒரே ஆளைப் பல செயலிகளில் அடையாளம் காண உதவும் எண்ணைப் படிக்கும் அனுமதி அது. நாங்கள் விளம்பரமே போடுவதில்லை. எத்தனை பேர் செயலியைத் திறக்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் சேர்த்த புள்ளிவிவர லைப்ரரி அதைக் கூடவே அழைத்து வந்திருந்தது.

இந்த இடத்தில் இரண்டு விதமாக யோசிக்கலாம். "விளம்பர அடையாள எண்ணும் எடுக்கிறோம்" என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கலாம், இல்லை அதை எடுப்பதையே நிறுத்தலாம். நிறுத்துவதற்கு `AndroidManifest.xml` கோப்பில் இந்த மூன்று வரி போதும், அதன் `manifest` வரியில் `xmlns:tools="http://schemas.android.com/tools"` என்று இருக்க வேண்டும்:

```xml
<uses-permission
  android:name="com.google.android.gms.permission.AD_ID"
  tools:node="remove" />
```

அறிவிப்பை எளிமையாக்க நான் கண்ட நல்ல வழி இதுதான், விளக்க முடியாத தகவலை வாங்காமல் விட்டுவிடுவது. பிறந்த தேதியையும் அப்படியே எடுத்துவிட்டோம். பிறந்த நாளுக்குப் பாயசம் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஆரம்பத்தில் கேட்டு வாங்கியது, ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை.

அதே பட்டியலில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள். `ACCESS_BACKGROUND_LOCATION` என்பது செயலி பின்னணியில் இருக்கும்போது இருப்பிடம் பார்ப்பதற்கான தனி அனுமதி. எங்களிடம் அது கிடையாது, பின்னணியில் ஓடும் வேறு சேவையும் கிடையாது. அதனால்தான் "செயலியை மூடிவிட்டால் உங்கள் இருப்பிடம் எங்களுக்குத் தெரியாது" என்று தைரியமாக எழுத முடிந்தது. அறிவிப்பில் "மாட்டோம்" என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சியவை: பெயர், தொலைபேசி எண், முகவரியும் வரைபடக் குறியும், ஆர்டர் விவரம், சமையலுக்கான குறிப்பு, செயலி பழுதாகி நின்றால் அதன் பதிவு. ஆறு. பழைய அறிவிப்பில் இருபதுக்கு மேல் இருந்தன.

சட்டம் என்ன கேட்கிறது

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2024-இல் திருத்தப்பட்டது, திருத்தங்கள் 2025-இல் படிப்படியாக அமலுக்கு வந்தன. வியாபாரத்துக்காக ஆட்களின் தகவலை வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும், அக்காவுக்கும்தான். அறிவிப்பைப் பற்றிச் சொல்வது 7-வது பிரிவு. என்ன தகவல், எதற்கு, எங்கிருந்து கிடைத்தது, யார் யாரிடம் கொடுப்பீர்கள், பார்க்கவும் திருத்தவும் யாரைக் கேட்க வேண்டும், தகவலைப் பயன்படுத்துவதை எப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் எழுத்தில் சொல்லச் சொல்கிறது.

அதில் பெரும்பாலான மாதிரிகள் கோட்டைவிடும் ஒன்று இருக்கிறது. எந்தத் தகவல் கட்டாயம், எது விருப்பம், கட்டாயமானதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாதிரியைப் போட்டதால் எங்களுடையதில் அது இல்லவே இல்லை. ஆனால் சாதாரண ஆள் தெரிந்துகொள்ள விரும்புவது முதலில் அதைத்தான், "இதைக் கொடுக்காமல் விட்டால் சாப்பாடு வருமா, வராதா?"

இன்னொன்று மொழி. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தமிழில் மட்டும் எழுதிவிட்டால் சட்டத்துக்குப் போதாது. தமிழ் நாமாகச் சேர்ப்பது, எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தமிழில்தான் வசதியாகப் படிப்பார்கள் என்பதால் சேர்த்தோம். ஆக எதை எழுதினாலும் மூன்று தடவை எழுத வேண்டும். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மறக்கக்கூடாது, ஒரு வரி கூடினால் மூன்று வரி கூடும்.

முதல் வழி: மாதிரியைத் திருத்துவது

வேகமான வழி இது. மலாயும் ஆங்கிலமும் ஏற்கனவே பாதி தயாராக இருக்கும், இல்லாததைச் சேர்த்து, பொய்யானதை நீக்கி, தமிழாக்கம் செய்தால் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். முடித்தோம். சட்டம் கேட்கும் எல்லாம் அதில் இருந்தது, ஒரு வழக்கறிஞர் பார்த்தால் தலையாட்டுவார்.

ஆனால் மாதிரி எழுதியவருக்கு நம் செயலி தெரியாது, எல்லாச் செயலிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் "போன்றவை", "தேவைப்படின்", "ஆகலாம்" என்றே எழுதியிருப்பார். அந்தச் சொற்கள்தான் தொந்தரவு. தொலைபேசி எண் பற்றிய வாக்கியம் திருத்திய பிறகும் இப்படித்தான் இருந்தது:

> பயனரின் தொடர்புத் தகவல்கள் சேவை வழங்கலின் பொருட்டு உரிய மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.

இலக்கணம் சரி, தமிழும் தமிழ்தான். ஆனால் யார் பகிர்கிறார், யாரிடம், எதற்கு என்று ஒன்றும் இல்லை. "பகிரப்படலாம்" என்றால் பகிர்கிறார்களா, இல்லையா? படித்தவர்களில் ஒருவர் "மூன்றாம் தரப்பு என்றால் போலீஸா?" என்று கேட்டார். உண்மையில் அந்த மூன்றாம் தரப்பு, மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் இரண்டு தம்பிகள்.

நீளமும் ஒரு பிரச்சினை, கைப்பேசித் திரையில் பதினொரு தடவை தள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் நீளத்தை நான் முதல் குற்றமாகச் சொல்ல மாட்டேன். டீச்சர் பதினொரு திரையையும் படித்தார், அவரைப் போலப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை.

இந்த வழி பொருந்தும் இடம் உண்டு. பல நாட்டில் வாடிக்கையாளர்கள், பத்துப் பதினைந்து வெளிக் கம்பெனிகளுக்குத் தகவல் போகிறது, அதில் சில அடிக்கடி மாறுகின்றன என்றால் இப்படி விரிவாக எழுதாமல் முடியாது. ஆறு தகவல் வாங்கும் சமையல்கட்டுக்கு இது தேவையே இல்லை.

இரண்டாவது வழி: ஒரே பக்கம், கேள்வி பதில்

மறுபடி முதலிலிருந்து எழுதினோம், இந்தத் தடவை மாதிரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவிடம் போனில் வாடிக்கையாளர்கள் எப்படிக் கேட்பார்களோ அந்தக் கேள்விகளையே தலைப்பாக வைத்தோம். தொலைபேசி எண்ணுக்கு வந்த பதில்:

> உங்கள் தொலைபேசி எண் எதற்கு? சாப்பாடு வந்ததும் உங்களைக் கூப்பிட. எண் இல்லாமல் ஆர்டர் எடுக்க முடியாது. எங்கள் சமையல்கட்டில் இருப்பவர்களும், அன்று உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையனும் இதைப் பார்ப்பார்கள். விளம்பரத்துக்கு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

என்ன, எதற்கு, கட்டாயமா, யார் பார்ப்பார்கள், எல்லாம் நாலு வரியில் வந்துவிட்டது. இதை எழுதும்போதே ஒரு தவறும் வெளிப்பட்டது. "அன்று கொண்டுவரும் பையன்" என்று எழுதிவிட்டு நிரலைப் பார்த்தால், இரண்டு பேருக்குமே எல்லா வாடிக்கையாளர் எண்ணும் எந்நேரமும் தெரியும்படி வைத்திருந்தோம். வாக்கியத்துக்கு ஏற்றபடி நிரலை மாற்றினோம். மாதிரியின் "உரிய தரப்பினர்" என்ற சொல்லுக்குள் அந்தத் தவறு வருஷக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்ற கேள்விதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. வருமான வரிக்காகக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் 7 ஆண்டு வைத்திருப்பதாக எழுதிவிடத் தோன்றும். ஆனால் வரிக் கணக்குக்கு வேண்டியது தேதி, தொகை, பில் எண் மாதிரியானவை, டீச்சர் வீட்டு வாசல் குறியோ "காரம் குறைவாக" என்ற குறிப்போ இல்லை. பிரித்து எழுதினோம்: கணக்கு 7 ஆண்டு, முகவரியும் குறிப்பும் கடைசி ஆர்டருக்கு ஆறு மாதம் கழித்து அழியும். பழுதுப் பதிவை நாங்கள் கிராஷ்லிட்டிக்ஸ் என்ற சேவையில் பார்க்கிறோம், அது 90 நாளில் தானே நீக்கிவிடுகிறது, அதையும் அப்படியே சொன்னோம். பணம் பற்றியும் ஒரு வரி. டூயிட்நவ் கியூஆரில் கட்டுவதால் வங்கி எண்ணோ ரகசிய எண்ணோ எங்களுக்கு வராது, பணம் கட்டியவர் பெயர் மட்டும் அக்காவின் வங்கிக் கணக்கில் தெரியும். "பணம் பற்றிய எந்தத் தகவலும் எங்களிடம் இல்லை" என்று எழுதியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும், ஆனால் உண்மை இல்லை.

பக்கம் மூன்று திரை நீளம் வந்தது. கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எல்லோருக்கும் புரிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது, அதைச் சோதனை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

மூன்றாவது வழி: கேட்கும் இடத்திலேயே சொல்வது

வரைபடப் பொத்தானை அழுத்தினால் ஆண்ட்ராய்டே ஒரு பெட்டியைக் காட்டி இருப்பிடம் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்கும். அந்தப் பெட்டியில் காரணம் இருக்காது, அதன் வாசகத்தை நாம் மாற்றவும் முடியாது. அதற்கு முன்னால் நம் திரையில் ஒரு வரி காட்டலாம். நாங்கள் போட்டது:

> உங்கள் வீட்டை வரைபடத்தில் குறிக்க, இப்போது ஒரு தடவை மட்டும் உங்கள் இருப்பிடத்தைப் பார்ப்போம். வேண்டாம் என்றால் முகவரியைத் தட்டச்சு செய்யலாம், சாப்பாடு வரும்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காக நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம். "சேவை பாதிக்கப்படாது" என்று முதலில் இருந்தது. "சாப்பாடு வரும்" என்று மாற்றிய பிறகுதான் ஆட்கள் துணிந்து "வேண்டாம்" அழுத்தினார்கள்.

இன்னும் முக்கியமான இடம் சமையலுக்கான குறிப்பு. "அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு வெற்றுக் கட்டம் வைத்திருந்தோம். அதில் மக்கள் எழுதியிருப்பதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு கனமான விஷயத்தைக் கவனிக்காமல் வைத்திருக்கிறோம் என்று உறைத்தது. அப்பாவுக்கு இனிப்பு நீர், டயாலிசிஸ் போகிறார் தக்காளி வேண்டாம், அம்மா ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் நம்பிக்கையாகச் சொன்னார்கள். ஆனால் உடல்நிலை பற்றிய தகவல் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் நுண்ணிய தகவல் வகையில் வருகிறது, அதை வைத்திருக்க அந்த ஆளின் வெளிப்படையான சம்மதம் வேண்டும், பொதுவாக "செயலியைப் பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாகும்" என்று எழுதினால் போதாது. மேலும் அந்தக் குறிப்பு சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டிலும் அச்சாகிக்கொண்டிருந்தது, பிளாட் வீட்டு லிஃப்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதற்கு முழுப் பக்கத்தில் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பயன் இல்லை. எழுதும் கை கட்டத்தில் இருக்கும்போது அங்கே சொல்ல வேண்டும். நாங்கள் கட்டத்தை உடைத்தோம். உப்பு குறைவு, சர்க்கரை வேண்டாம், காரம் குறைவு, புளி வேண்டாம் என்று தேர்வுகள் வைத்தோம். ஒருவர் சர்க்கரை வேண்டாம் என்றால் அவருக்கு நோய் என்று அர்த்தமில்லை, பிடிக்காமலும் இருக்கலாம், அக்காவுக்குச் சமைக்க அது போதும். கீழே கட்டத்தையும் விட்டுவைத்தோம், அதற்கு மேல் இந்த வரி:

> எப்படிச் சமைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், நோயின் பெயர் வேண்டாம். இதை அக்காவும் சமையல்கட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள், கொண்டுவரும் பையன் படிக்க மாட்டார்.

சீட்டில் குறிப்பு அச்சாவதை நிறுத்தி, பொட்டலத்துக்கு எண் மட்டும் போட்டோம். பழைய நோய்க் குறிப்புகளை, அவரவருக்குச் செய்தி அனுப்பிச் சொல்லிவிட்டு, புதுத் தேர்வுகளாக மாற்றி அழித்தோம். அக்காவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்தால்தானே தம்பி பார்த்துச் சமைக்க முடியும்" என்றார். அது அவர் அக்கறை, நியாயமானதும்தான். நேரில் அவரிடம் சொல்பவர்கள் சொல்லட்டும், அது அவர் மனதில் இருக்கும், எங்கள் சர்வரில் இருக்க வேண்டாம் என்று பேசி முடித்தோம்.

இந்த வழியின் சிரமம் பராமரிப்புதான். வரிகள் செயலிக்குள் ஐந்து இடத்தில் சிதறி இருக்கின்றன, மூன்று மொழி என்றால் பதினைந்து. ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்தால் மலாயில் ஒன்றும் தமிழில் ஒன்றும் சொல்லும். இது மட்டும் சட்டத்துக்கும் போதாது, பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை, யாரைக் கேட்பது என்பதையெல்லாம் ஒரு பொத்தானுக்கு மேல் திணிக்க முடியாது. ஆகவே முழுப் பக்கம் எப்படியும் வேண்டும்.

கொடுத்துப் பார்த்தது

ஒன்பது பேரைப் பிடித்தோம், அக்காவின் பழக்கத்தில் இருந்தும் என் அம்மாவின் தோழிகளில் இருந்தும். ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்று பேர், ஒருவருக்கு ஒரு வடிவம்தான், இரண்டாவது தடவை பார்ப்பவருக்குப் பதில் ஏற்கனவே தெரிந்திருக்கும். மூன்று பேர் ஆராய்ச்சிக்குப் போதாது, ஒரு வாக்கியம் புரியவில்லை என்று கண்டுபிடிக்கப் போதும்.

"புரிந்ததா?" என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் மரியாதைக்குப் புரிந்தது என்பார்கள். கைப்பேசியைக் கொடுத்து, "நாளைக்கு ஒரு சாப்பாடு சொல்லுங்கள்" என்றோம், அறிவிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முடிந்ததும் கேட்டோம்: செயலி உங்கள் இருப்பிடத்தை எப்போது பார்க்கிறது? உங்கள் எண்ணை யார் பார்ப்பார்கள்? எதைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம்? அதன்பிறகு முழு அறிவிப்பைக் கையில் கொடுத்து, அதே கேள்விகளை மறுபடி கேட்டோம், கணக்கை நீக்கினால் எது மிஞ்சும் என்பதையும் சேர்த்து.

முதல் வடிவத்தில் அறிவிப்பைப் படித்த பிறகும் யாராலும் எதைக் கொடுக்காமல் விடலாம் என்று சொல்ல முடியவில்லை, அது அதில் எழுதியிருந்தும்கூட. ஒருவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். இரண்டாவதில், படித்த பிறகு எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் வந்தது, ஒருவர் மட்டும் 7 ஆண்டுக் கணக்கில் குழம்பினார். ஆனால் படிப்பதற்கு முன்னால், ஆர்டர் போடும் நேரத்தில், மூன்று பேரில் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, வரைபடப் பொத்தானில் மூவரும் யோசிக்காமல் அனுமதி கொடுத்தார்கள். மூன்றாவது வடிவத்தில் இரண்டு பேர் இருப்பிடம் வேண்டாம் என்று முகவரியைத் தட்டினார்கள், அறிவிப்புப் பக்கத்தைத் தொடாமலேயே ஏன் என்று சொல்லவும் தெரிந்தது. குறிப்புக் கட்டத்தில் ஒருவர் "சுகர்" என்று ஆரம்பித்து, மேலே பார்த்துவிட்டு, அழித்து, சர்க்கரை வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

எதை வைத்துக்கொண்டோம்

மூன்றாவது வழியை எடுத்தோம், அதன் முழுப் பக்கமாக இரண்டாவதில் எழுதிய கேள்வி பதிலையே வைத்தோம். ஐந்து இடத்தில் வைத்திருந்த வரிகளை மூன்றாகக் குறைத்தோம்: இருப்பிடம், குறிப்பு, கணக்கை நீக்கும் இடம். பெயர் கேட்கும் இடத்தில் "உங்களை அழைப்பதற்காக" என்று விளக்கியிருந்தோம், அதைப் பார்த்த ஒருவர், இது தெரியாதா எனக்கு என்பதுபோல் சிரித்தார். எல்லா இடத்திலும் சொன்னால் முக்கியமான இடத்தையும் சேர்த்துத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆள் ஆச்சரியப்படக்கூடிய இடத்திலும் திரும்பப் பெற முடியாத இடத்திலும் சொன்னால் போதும்.

கணக்கை நீக்குவது பற்றி ஒரு வார்த்தை. கணக்குத் திறக்கும் வசதி உள்ள செயலி, அதை நீக்கும் வழியையும் செயலிக்குள்ளேயும் இணையத்தில் ஒரு முகவரியிலும் தர வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. நாங்கள் நீக்கும் பொத்தானுக்கு மேலே, "பெயர், எண், முகவரி, குறிப்பு எல்லாம் இப்போதே அழியும். எவ்வளவு பணம், எந்தத் தேதி என்ற கணக்கு மட்டும் வரிக்காக 7 ஆண்டு இருக்கும், அதில் உங்கள் பெயர் இருக்காது" என்று எழுதினோம். அதை உண்மையாக்க, பில்லில் இருந்து பெயரைக் கழற்றும் நிரலை எழுத ஒரு முழு நாள் போனது.

சொற்களில் நாங்கள் ஒத்துக்கொண்டது இது. "தரவு" எங்கும் வராது, "தகவல்"தான், சில இடத்தில் அதுவும் வேண்டாம், நேராக "உங்கள் எண்" என்றே இருக்கட்டும். "மூன்றாம் தரப்பு" என்று எழுத வந்தால் நிறுத்தி, அது யார் என்று எழுத வேண்டும். வாக்கியத்தில் செய்பவர் இருக்க வேண்டும், "சேகரிக்கப்படுகிறது" கூடாது, "கேட்போம்", "பார்ப்போம்", "அழிப்போம்". சர்வர் சிங்கப்பூரில் இருப்பதையும் சொன்னோம், மறைக்க ஒன்றுமில்லை. தமிழை ஆங்கிலத்தில் இருந்து பெயர்க்காமல் முதலில் தமிழிலேயே எழுதினோம், அதைப் பார்த்து மலாயையும் ஆங்கிலத்தையும் எழுதினோம். தமிழில் "யார்" என்று ஒருதரம் சொல்லிவிட்டால் மற்ற மொழியில் ஒளிக்க முடியாமல் போய்விடுகிறது. மலாய் வரிகளை அக்காவின் பக்கத்து வீட்டு மாக்சிக் ஒருவர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார்.

பராமரிப்புச் சிரமத்துக்கு ஒரு வழி செய்திருக்கிறோம். மூன்று மொழி வரிகளும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் மேலே சொன்ன `adb` கட்டளையை ஓட்டி, பட்டியல் பழையதைவிட மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். மாறியிருந்தால் வெளியீடு நிற்கும். பிளே ஸ்டோரில் நாங்கள் நிரப்பியிருக்கும் `Data safety` பகுதியும் அதே பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும், அது நம் பக்கத்துக்கு முரணாக இருந்தால் எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தபோது புளூடூத் அனுமதி ஒன்று புதிதாக வந்து நின்றது, அதை எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டோம்.

தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறோம் என்று யாராவது கேட்டால் சட்டப்படி 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதுவரை ஒருவர்தான் கேட்டிருக்கிறார், அந்த ஆயர் ஈத்தாம் டீச்சர். புதிய பக்கத்தை அக்கா அவருக்கு அனுப்பி வைத்திருந்தார். ஒரு தாளில் அவருடைய ஆறு விவரத்தையும் அச்சடித்து, சாப்பாட்டோடு உறையில் போட்டு அனுப்பினோம். பார்த்துவிட்டு, முகவரியில் லோரோங் எண் தப்பு என்று திருத்தச் சொன்னார்.